'அம்' என்றாள், வீடும் அப்படியே சொன்னது

ஒரு குழந்தை தானாக உண்டாக்கிய சொல்லை வீட்டுப் பெரியவர்கள் மெல்ல மெல்லத் தங்கள் சொல்லாக்கிக்கொண்ட கதைகளில், அக்கறையோடு எழுதிவைக்கப்பட்ட பழைய கதை ஒன்று பிரான்சைச் சேர்ந்தது. எழுதியவர் அந்தக் குழந்தையின் தந்தை இப்போலித் தெய்ன். வரலாற்றாசிரியர், இலக்கியத் திறனாய்வாளர், மனித அறிவு எப்படி இயங்குகிறது என்று 1870-இல் பெரிய நூல் எழுதியவர். அவர் தம் மகளின் பேச்சு வளர்ந்த விதத்தை நாட்குறிப்பு போலக் குறித்துவந்தார். அந்தக் குறிப்புகள் 1876-இல் ஒரு பிரெஞ்சுத் தத்துவ இதழில் கட்டுரையாக வந்தன. மறு ஆண்டே 'மைண்ட்' என்ற இதழில் ஆங்கிலத்திலும் வெளியாயின. மகளின் பெயரை அவர் கட்டுரையில் சொல்லவில்லை.

கட்டுரையின் தொடக்கப் பகுதியில் ஒரு தோட்டம் வருகிறது. மூன்றரை மாதக் குழந்தையைத் தோட்டத்தில் ஒரு விரிப்பின் மேல் போட்டுவிடுவார்கள். அது மணிக்கணக்கில் மல்லாந்தும் குப்புறவும் கிடந்து, கைகால்களை ஆட்டிக்கொண்டு, விதவிதமாகக் குரல் எழுப்பும். அப்போது உயிரொலிகள் மட்டுமே இருந்தன. மெய்யொலிகள் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அந்தக் கட்டத்தில் குழந்தை கத்தியதில் பொருள் எதையும் தெய்ன் தேடவில்லை. கைகால் ஆட்டுவதைப் போலத் தொண்டையையும் ஆட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான் என்று கருதினார். ஒலி வேறு, சொல் வேறு என்ற இந்த நிதானம் அவரிடம் இருந்ததால்தான், பின்னால் அவர் 'இது சொல்' என்று எழுதும்போது நம்ப முடிகிறது.

பதினான்கு மாத அளவில் அவள் ஒரு சொல்லை உண்டாக்கினாள். பசிக்கும்போதும் தின்பதற்கு ஏதாவது வேண்டும் என்னும்போதும் 'ஹம்ம்' என்றாள். யாரும் கற்றுத் தந்ததில்லை. தெய்ன் அதன் ஒலியை அவிழ்த்துப் பார்க்கிறார். தொண்டைக்குள்ளிருந்து ஏறக்குறையக் குரைப்பது போலக் காற்று பீறிட்டு வருகிறது. பிறகு வாய் திறக்கிறது. கடைசியில், எதையோ கவ்வி விழுங்கியதுபோல உதடுகள் மூடிக்கொள்கின்றன. அதாவது உண்ணும் செயலை வாயே நடித்துக் காட்டுகிறது, அந்த நடிப்பில் பிறந்த ஓசையே சொல்லாகிவிட்டது. மொழி தெரியாத ஊரில் கைகள் கட்டப்பட்டு நிற்கும் ஒருவன், குரலால் மட்டும் பசியைச் சொல்ல வேண்டுமானால் இப்படித்தான் செய்வான் என்கிறார் அவர்.

அடுத்து நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. பெரியவர்கள் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் குழந்தை சொன்ன அதே முரட்டுத்தனத்தோடு சொல்லவில்லை, மென்மையாகச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பேச்சில் 'ஹ' ஒலி இல்லாததால், அவர்கள் வாயில் அந்தத் தொண்டைச் சத்தம் தேய்ந்துபோனதில் வியப்பில்லை. குழந்தை இந்த மென்மையான வடிவத்தைக் கேட்டது. நாளாக ஆகத் தன் ஒலியையும் அதை நோக்கித் தளர்த்திக்கொண்டது. தொடக்கமும் முடிவும் அடங்கி, நடுவில் இருந்த உயிரொலி மேலே வந்தது. 'ஹம்ம்' என்றிருந்தது 'அம்' ஆயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் எல்லாரும் பெரும்பாலும் அவள் சொல்வதைப் போலவே 'அம்' என்று சொல்லத் தொடங்கினார்கள். குழந்தை எங்களிடம் மொழி கற்கிறது என்றால், நாங்களும் அதனிடம் கற்கிறோம் என்ற பொருளில் அந்த இடத்தில் எழுதுகிறார் தெய்ன்.

'குழந்தையின் சொல்லை வீடு ஏற்றது' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் வீடு ஏற்ற சொல் குழந்தை முதலில் சொன்ன சொல் அல்ல. குழந்தை ஒன்றைச் சொன்னது, பெரியவர்கள் அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்பச் சற்றே மாற்றித் திருப்பித் தந்தார்கள், குழந்தை அந்த மாற்றத்துக்கு இணங்கியது. நிலைத்தது இந்த மூன்றாவது வடிவம். விலை பேசுவதுபோல இரு தரப்பும் இறங்கிவந்து முடித்த வணிகம் இது. பேச்சைத் திருத்துவதாகப் பெரியவர்கள் நினைத்திருக்கவும் மாட்டார்கள், விட்டுக்கொடுத்ததாகக் குழந்தையும் நினைத்திருக்காது.

அதே வீட்டில், அதே குழந்தை உண்டாக்கிய இன்னொரு சொல் பிழைக்கவில்லை. அது 'தெம்'. கொடு, எடு, அங்கே, பார், கவனி என்ற எல்லாவற்றுக்கும் அவள் இதைச் சொன்னாள். அழுத்தமாக, விடாமல் சொன்னாள். பெற்றோர் குழம்பினார்கள். 'இந்தா', 'இதோ' என்பதற்கெல்லாம் பிரெஞ்சில் வழங்கும் 'தியன்' என்ற சொல்லைக் கேட்டுத் திரித்துச் சொல்கிறாளோ என்று தெய்ன் யோசித்தார். கடைசியில், அது அவள் தானே உருவாக்கிய சொல் என்ற முடிவுக்கே சாய்ந்தார். ஆனால் சில காலம் கழித்து அவள் 'தெம்' சொல்வதை நிறுத்திவிட்டாள். காரணத்தைத் தெய்ன் மறைக்கவில்லை. நாங்கள் அதைக் கற்றுக்கொள்ள விரும்பவில்லை என்கிறார். பெரியவர்களிடம் இருந்த எந்த ஒரு கருத்தோடும் அது பொருந்தவில்லை, பல கருத்துகளை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது. ஆகவே அவர்கள் அதை அவளிடம் திருப்பிச் சொல்லவில்லை. திரும்பி வராத சொல்லை அவளும் விட்டுவிட்டாள்.

ஒரே குழந்தையின் இரண்டு சொற்களில் ஒன்று வாழ்ந்தது, ஒன்று மறைந்தது. உண்டாக்கும் திறமையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. சொல்லப்போனால் 'தெம்' இன்னும் கெட்டிக்காரத்தனமான சொல். 'என் கவனம் இங்கே இருக்கிறது, உன் கவனமும் இங்கே வரட்டும்' என்ற முழு எண்ணத்தை ஒரே அசையில் அடக்கிய அப்படி ஒரு சொல் பெரியவர்களின் மொழியில் இல்லை. இல்லாததால்தான் அது தோற்றது. மொழியில் இல்லாததைச் சொல்லும் புதுச்சொல்லுக்கு வரவேற்பு இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். குழந்தையின் முதல் சொற்களில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்தச் சொல் முதலில் புரிய வேண்டும். புரிய வேண்டுமானால் அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கருத்தின் மேல் போய் உட்கார வேண்டும். 'அம்' அப்படி உட்கார்ந்தது. உணவு, பசி என்றால் எந்த வீட்டிலும் உடனே விளங்கும்.

தெய்னின் கட்டுரை ஆங்கிலத்தில் வந்ததும் அதைப் படித்தவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். படித்ததும், 37 ஆண்டுகளுக்கு முன் தம் மூத்த மகன் வில்லியத்தைப் பற்றி எழுதிய நாட்குறிப்பைத் தேடி எடுத்தார். 1839 டிசம்பரில் பிறந்த அந்தப் பையனின் குழந்தைப் பருவத்தைப் பற்றி அதே 'மைண்ட்' இதழில் 1877-லேயே கட்டுரை எழுதினார். சரியாக ஒரு வயதானபோது வில்லியம் உணவுக்கு ஒரு சொல்லை உண்டாக்கினான் என்கிறது அது. அந்தச் சொல் 'மம்'. எதிலிருந்து அதைப் பிடித்தான் என்பது டார்வினுக்கு அகப்படவில்லை. பசித்தால் அழுவதை விட்டுவிட்டு, 'மம்' என்று சொல்லத் தொடங்கினான். 'சாப்பாடு கொடு' என்ற பொருளில் சொல்லும்போது கடைசியில் கேள்வி கேட்பதுபோலக் குரலை உயர்த்தினான்.

வில்லியம் அதோடு நிற்கவில்லை. 'மம்' என்பதை அடிச்சொல்லாக வைத்துக்கொண்டு சர்க்கரைக்கு 'ஷு-மம்' என்று பெயர் வைத்தான். 'பிளாக்', அதாவது கறுப்பு என்ற சொல்லைக் கற்றுக்கொண்டதும், கறுப்பாகவும் இனிப்பாகவும் இருக்கும் அதிமதுர மிட்டாய்க்கு 'பிளாக்-ஷு-மம்' என்றான். கறுப்புச் சர்க்கரைச் சாப்பாடு! வேர்க்கடலை, நிலக்கடலை என்று நாம் சொல் கட்டுகிறோமே, அதே முறை. வெளியிலிருந்து வந்த சொல்லைத் தன் சொல்லோடு ஒட்டிக் கூட்டுச்சொல் செய்யும் அளவுக்கு அந்தச் சிறுவனிடம் ஒரு சின்ன இலக்கணமே இருந்திருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு பொறி தட்டியிருக்கும். கைக்குழந்தைக்குச் சோறூட்டும் தமிழ்த் தாய் 'மம்மு சாப்பிடலாமா?' என்கிறாள், சில வீடுகளில் 'மம்மம்' என்கிறார்கள். இங்கிலாந்தில் டார்வின் வீட்டுப் பையன் தமிழ் கேட்டதில்லை. ஒற்றுமைக்குக் காரணம் வாயின் அமைப்பில் இருக்கிறது. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியான ஒரு கட்டுரையில் இதை விளக்குகிறார். பால் குடிக்கும் குழந்தையின் உதடுகள் மார்பில் அழுந்தி இருக்கின்றன, வாய் நிறையப் பால். அந்த நிலையில் அதனால் எழுப்ப முடிகிற ஓசை மூக்கு வழியே வரும் 'ம்' என்ற முனகல் மட்டுமே. பிறகு பாலைக் கண்டாலே அந்த முனகல் வருகிறது. அதற்கும் பிறகு, பால் கண்ணில் படாவிட்டாலும், வேண்டும் என்ற ஆசை எழுந்தாலே வருகிறது. உணவையும் உணவு தருபவளையும் குறிக்கும் குழந்தைச் சொற்களில் பல மொழிகளில் மகர ஒலி மிகுந்திருப்பதற்கு அவர் சொல்லும் காரணம் இதுதான். தெய்ன் மகளின் 'ஹம்' உதடு மூடி முடிவதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

ஆனால் தமிழ் 'மம்மு'வுக்கும் வில்லியத்தின் 'மம்'முக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 'மம்மு' இன்று எந்தத் தமிழ்க் குழந்தையும் உண்டாக்கும் சொல் அல்ல. அம்மாவும் பாட்டியும் குழந்தைக்குச் சொல்லித்தரும் சொல். என்றோ குழந்தைகளின் வாயில் பிறந்து, பெரியவர்கள் ஏற்று, அடுத்த தலைமுறைக் குழந்தைகளுக்குத் திருப்பித் தரத் தொடங்கிய பிறகு அது ஒரு வீட்டின் சொல்லாக இல்லாமல் ஊரின் சொல்லாகிவிட்டது. 'அம்' நடந்த பாதையில் தொடர்ந்து நடந்தால் போய்ச் சேரும் இடம் அது எனலாம்.

குழந்தை எழுப்பும் ஓசைகளில் எது சொல், எது வெறும் விளையாட்டு என்று எப்படித் தெரியும்? பாசமுள்ள பெற்றோர் எல்லா ஓசையிலும் பொருள் கேட்பார்கள். எனவே மொழியியலாளர்கள் இதில் கறாராக இருக்கிறார்கள். மைக்கேல் ஹாலிடே தம் மகன் நைஜலின் பேச்சை ஒன்பது மாத வயதிலிருந்து குறித்து 1975-இல் நூலாக்கினார். ஓசைக்கும் பொருளுக்கும் இடையே மாறாத தொடர்பு இருக்கிறதா என்பதையே அவர் அளவுகோலாக வைத்தார். பெரியவர்களின் மொழியில் அந்த ஓசை இருக்கிறதா என்பது அவருக்கு முக்கியமில்லை. வீட்டில் இதைச் சோதிப்பது கடினமல்ல. அதே ஓசை அதே சூழலில் பல நாள் திரும்ப வர வேண்டும். சொல்லிவிட்டுக் குழந்தை எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். தவறான பொருளைக் கொடுத்தால் தள்ளிவிட்டு மீண்டும் சொல்ல வேண்டும், சரியானதைக் கொடுத்ததும் நிறுத்த வேண்டும். தண்ணீரைக் கொடுத்தாலும் பொம்மையைக் கொடுத்தாலும் ஒரேபோல அடங்கிவிடும் குழந்தை சொல்லவில்லை, வெறுமனே சத்தமிடுகிறது.

சொல்தான் என்று தெரிந்த பிறகும் அது வீட்டில் பரவுவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் அது குழந்தையோடு பேசும்போது மட்டும் வருகிறது. பெரும்பாலும் கேள்வியாக வருகிறது: 'அம் வேணுமா?' அடுத்து, குழந்தையைப் பற்றிப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசும்போது வருகிறது. பாட்டி மருமகளிடம் 'இப்பத்தான் அம் கேட்டா' என்பாள். இங்கே சொல் இன்னும் மேற்கோளாகத்தான் இருக்கிறது, குழந்தையின் வாய்ச்சொல்லை எடுத்துச் சொல்வதாகவே எல்லாரும் நினைக்கிறார்கள். பிறகு குழந்தை தூங்கிய பின் கணவன் மனைவியிடம் 'நமக்கு அம் இல்லையா?' என்கிறான். இது வேடிக்கைக்கு. கடைசிக் கட்டத்தில் யாரும் சிரிப்பதில்லை. அடுக்களையிலிருந்து 'அம் ஆறுது' என்று குரல் வரும், எல்லாரும் எழுந்து போவார்கள். வீட்டில் புதிதாக வந்த விருந்தாளி மட்டும் விழிப்பார். சிரிப்பு நின்றதையும் விருந்தாளி விழித்ததையும் வைத்தே சொல் குடியேறிவிட்டது என்று அறியலாம். பெரும்பாலான சொற்கள் மூன்றாம் கட்டத்திலேயே, வேடிக்கை சலித்ததும் உதிர்ந்துவிடுகின்றன.

இதைச் சிறுகதையாக எழுதுபவர்கள் சறுக்குவதும் இந்தக் கட்டங்களில்தான். கதைக் குழந்தை உண்டாக்கும் சொல் பெரும்பாலும் அழகாக இருக்கும், நிலவுக்கோ மழைக்கோ ஆனதாக இருக்கும், வீடு முழுவதும் ஒரே பத்தியில் அதை ஏற்றுக்கொள்ளும். தெய்னும் டார்வினும் பதிவு செய்த சொற்கள் குரைப்பும் முனகலுமாக, வயிற்றைப் பற்றியவையாக இருக்கின்றன. வீடு மறுத்த ஒரு 'தெம்' கதையில் எங்காவது வந்தால் ஏற்ற சொல்லின் மேல் நம்பிக்கை கூடும்.

ஒரு குடும்பத்தின் சொந்தச் சொற்கள் எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதற்கு வேல்ஸைச் சேர்ந்த கிளின் குடும்பம் சான்று. அந்தக் குடும்பத்தார் தங்களுக்குள் பேசிய சொற்கள் வெளியாருக்குப் புரியாது. அந்த வீட்டுச் சகோதரிகள் இருவர் 1839-இல் ஒரே நாளில் மணந்துகொண்டார்கள். கேத்தரின் மணந்தது பின்னாளில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனை, மேரி மணந்தது லிட்டில்டன் பிரபுவை. லிட்டில்டன் கிரேக்கமும் இலத்தீனும் கற்றுத் தேர்ந்தவர். மாமியார் வீட்டு மொழியையும் அதே சிரத்தையோடு கற்று, 1851-இல் அதற்கு ஓர் அகராதியே தொகுத்துச் சொந்தச் செலவில் அச்சிட்டார். பாதி விளையாட்டு, பாதி உண்மையான ஆராய்ச்சி. வீட்டுச் சொல்லை வெளியார் கவனிக்கிறார்கள், உள்ளேயே இருப்பவர்களுக்கு அது சொல் என்றே தோன்றுவதில்லை. அகராதியைத் தொகுத்தவர் மருமகனாக வந்தவர் என்பதில் இது தெரிகிறது.

உண்டாக்கியவர் வளர்ந்து பெரியவரான பிறகும், வாழ்நாள் முழுவதும் நிலைத்த குழந்தைச் சொல்லுக்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1926 ஏப்ரலில் இலண்டனில் பிறந்த எலிசபெத் என்ற சிறுமிக்குத் தன் பெயரைச் சொல்ல வரவில்லை. 'லிலிபெட்' என்றாள். இது வெறும் திரிபுதானே, உண்டாக்கிய சொல்லா என்று கேட்கலாம். 'அம்' கதையில் பார்த்தபடி, வீடு எதை ஏற்றுத் திருப்பிச் சொல்கிறதோ அதுவே சொல்லாகிறது. திரிபைத் திருத்தாமல் ஏற்ற கணத்தில் அது புதுச்சொல் ஆகிவிடுகிறது. தமிழ் வீடுகளிலும் மூத்த பேரக்குழந்தை மழலையாகச் சொன்ன பெயரே பாட்டிக்கோ அத்தைக்கோ நிலைத்து, பின்னால் பிறந்தவர்கள் எல்லாரும் அதையே உறவுமுறை என்று நம்பி அழைப்பது உண்டு.

லிலிபெட் பரவிய வரிசையும் ஏறக்குறைய அப்படித்தான். 1927-இன் முதற்பாதியில் பெற்றோர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணம் போனபோது குழந்தையின் பொறுப்பில் பாட்டன் பாட்டிமாருக்கும் பங்கிருந்தது. பாட்டனார் ஐந்தாம் ஜார்ஜ் கண்டிப்புக்குப் பெயர் பெற்ற மன்னர். அவரே தம் நாட்குறிப்பில் பேத்தியை லிலிபெட் என்று எழுதினார். 1930-இல் பிறந்த தங்கை மார்கரெட்டுக்குத் தொடக்கத்திலிருந்தே அக்காவின் பெயர் அதுதான், 'எலிசபெத்' என்பது மற்றவர்கள் சொல்வது. 1947-இல் மணந்த கணவர் பிலிப்பும் அப்படியே அழைத்தார். குடும்பத்தாருக்கு எழுதும் கடிதங்களில் அவரும் லிலிபெட் என்றே கையெழுத்திட்டார். 1952-இல் அரசியானார். அதன் பிறகு அவரைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். அந்தச் சிலரும் அழைத்தது அவர் மழலையில் சொன்ன பெயரால்.

இப்படி ஒரு சொல் இத்தனை காலம் நீடித்ததற்கு வட்டம் சிறிதாக இருந்தது ஒரு காரணம். யார் சொல்லலாம், யார் சொல்லக்கூடாது என்பது யாரும் எழுதிவைக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நாளிதழ்கள் அந்தப் பெயரை அறிந்திருந்தன, அச்சிட்டும் வந்தன. ஆனால் அமைச்சர்கள் அவரை அப்படி அழைக்கவில்லை. ஒரு சொல் பலருக்குத் தெரிந்திருந்தும் சிலர் மட்டுமே பயன்படுத்த முடிகிற நிலை அது.

2021 ஜூனில், அவர் உயிரோடு இருக்கும்போதே, பேரன் ஹாரி கலிபோர்னியாவில் பிறந்த தம் மகளுக்கு லிலிபெட் என்று பெயர் வைத்தார். அதுவரை கூப்பிடும் பெயராக மட்டும் இருந்தது முதல் தடவையாகப் பிறப்புச் சான்றிதழில் ஏறியது. எலிசபெத் 2022 செப்டம்பரில், 96-ஆம் வயதில் இறந்தார். அந்தச் சொல் இப்போது கலிபோர்னியாவில் வளரும் ஒரு சிறுமியின் முழுப்பெயரில் ஒரு பகுதி. அவளை அப்படி அழைக்க யாருக்கும் எந்த அனுமதியும் வேண்டியதில்லை.